அப்பீல் போட்டால் மட்டும் டிக்ரி நிற்காது

"அப்பீல் போட்டாச்சுல்ல சார், இனி வீட்டுக்கு ஆபத்து இல்லையே?" சிவில் வழக்கில் தோற்றவர்கள் வக்கீலிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். மேல்முறையீடு போட்டதுமே கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு உறைந்து நின்றுவிடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. சட்டம் சொல்வதோ நேர் எதிர். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 41ஆம் கட்டளை, 5ஆம் விதி இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: மேல்முறையீடு தாக்கலாகியிருக்கிறது என்பதாலேயே டிக்ரியின் நிறைவேற்றம் நிற்காது. அது நிற்க வேண்டுமானால் மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியாக ஓர் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவைக் கேட்டுப் போடுவதுதான் ஸ்டே மனு எனப்படும் இடைக்கால மனு.

அப்பீல் மனு ஒரு கட்டு, ஸ்டே மனு இன்னொரு கட்டு. அப்பீலில் பேசப்படுவது, கீழ்க் கோர்ட் செய்தது சரியா தவறா என்பது. ஸ்டே மனுவில் பேசப்படுவது வேறு: அப்பீல் முடிய ஆகும் காலம் முழுதும் யார் கையில் சொத்து இருக்க வேண்டும், யார் எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது. இந்த வேறுபாடு தெரியாமல், அப்பீலில் சொன்ன காரணங்களையே ஸ்டே மனுவிலும் திருப்பி எழுதித் தருவதால்தான் பல மனுக்கள் வலுவிழக்கின்றன.

சட்டம் கேட்கும் மூன்று

தடை வழங்கும் முன் நீதிமன்றம் மூன்று விஷயங்களில் திருப்தி அடைய வேண்டும் என்கிறது அதே விதி. ஒன்று, தடை கொடுக்காவிட்டால் மனுதாரருக்குக் கணிசமான இழப்பு நேரிடலாம் என்பது. இரண்டு, அவர் நியாயமற்ற தாமதம் செய்யாமல் மனுப் போட்டிருக்கிறார் என்பது. மூன்று, கடைசியில் எந்த டிக்ரி அவரைக் கட்டுப்படுத்துமோ அதை நிறைவேற்றுவதற்கு அவர் ஜாமீன் கொடுத்திருக்கிறார் என்பது. ஜாமீன் என்பது பணமாக, சொத்து ஈடாக, வங்கி உத்தரவாதமாக எப்படியும் இருக்கலாம்.

இந்த மூன்றில் எங்கும் 'இரு தரப்புச் சாதக பாதகங்களின் சமநிலை' என்ற சொல் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய எல்லா ஸ்டே மனுவின் கடைசிப் பத்தியிலும் "முகாந்திரமும் சாதக பாதகச் சமநிலையும் மனுதாரர் பக்கமே உள்ளன" என்று ஒரு வரி இருக்கும். உறுத்துக் கட்டளை கேட்கும் மனுக்களிலிருந்து பழக்கத்தால் வந்து ஒட்டிக்கொண்ட வரி அது. வரியாக எழுதினால் அதற்கு மதிப்பில்லை. ஆனால் அதன் உள்ளடக்கம் ஸ்டே மனுவின் உயிர். கணிசமான இழப்பு என்று மனுதாரர் சொல்வதை, எதிர்த்தரப்புக்கு வரும் இழப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த நீதிபதியும் முடிவுக்கு வர முடியாது.

வழக்குத் தொடக்கத்தில் கேட்கும் தடைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தொடக்கத்தில் இரண்டு தரப்பும் சமம். யார் சொல்வது உண்மை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. டிக்ரிக்குப் பிறகு அப்படி இல்லை. சாட்சிகளை விசாரித்து, ஆவணங்களைப் பார்த்து ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால் தராசு ஜெயித்தவர் பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. தோற்றவர் அதைத் தன் பக்கம் இழுக்க எடைக்கல் கொண்டுவர வேண்டும்.

இரண்டு கேள்விகள்

நீதிபதி மனத்தில் ஓடுவது இரண்டு கேள்விகள்தாம். தடையை மறுத்து, பிறகு அப்பீல் ஜெயித்தால் என்ன ஆகும்? தடையைக் கொடுத்து, பிறகு அப்பீல் தோற்றால் என்ன ஆகும்? எந்தத் தவறைப் பின்னால் திருத்த முடியாதோ அதைத் தவிர்ப்பதே நோக்கம்.

முதல் கேள்விக்குச் சட்டமே ஒரு பாதி விடை வைத்திருக்கிறது. நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவுப்படி, நிறைவேற்றப்பட்ட டிக்ரி மேல் கோர்ட்டில் ரத்தானால், பழைய நிலையை மீட்டுத் தரும்படி கேட்கலாம். கட்டிய பணம் வட்டியோடு திரும்பும். கைமாறிய வீடு திரும்பும். ஆகவே "வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும், சிரமம்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஜெயித்த பின் திரும்பப் பெறலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். எது திரும்ப வராது என்று காட்ட வேண்டும். இடித்துவிட்ட வீடு திரும்ப வராது. வெட்டிய தோப்பு வராது. பல வருடம் ஒரே இடத்தில் நடந்து நின்றுபோன கடையின் வாடிக்கை வராது.

அடுத்தவருக்கு விற்றுவிடுவார் என்ற பயத்தைப் பலர் பெரிதாக எழுதுவார்கள். அதற்கு ஓரளவு எடை உண்டு, முழு எடை இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது விற்கப்படும் சொத்தை வாங்குபவர், அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. அப்பீலும் அந்த வழக்கின் தொடர்ச்சியே. எனவே விற்பனை நடந்தாலும் உரிமை போய்விடாது. ஆனால் மூன்றாம் நபர் ஒருவர் உள்ளே வந்து குடியேறி, அவரை வெளியேற்ற இன்னொரு சுற்று அலைச்சல் வரும். இந்த அளவில் சொன்னால் நீதிபதி ஏற்பார். ஊதிச் சொன்னால் மற்ற வாதங்களையும் சந்தேகிப்பார்.

இரண்டாவது கேள்வியில்தான் தோற்றவர்கள் பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறார்கள். ஜெயித்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவார்கள். நஷ்டம் இல்லாமல் எப்படி இருக்கும்? பல ஆண்டு வழக்காடி ஜெயித்தவர் இன்னும் சில ஆண்டுகள் கையை விரித்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுப்பது என்பதை உச்ச நீதிமன்றம் ஒரு கடை வழக்கில் தெளிவாக்கியது.

371 ரூபாய் 90 காசு வாடகை

புதுதில்லி கன்னாட் சர்க்கஸில் ஓர் இடத்தை ஃபெடரல் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் வாடகைக்கு வைத்திருந்தது. மாத வாடகை 371 ரூபாய் 90 காசு. இடத்தின் உரிமையாளரான ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் நிறுவனம், உள்வாடகைக்கு விட்டதாகச் சொல்லி வழக்குப் போட்டு வெளியேற்றும் உத்தரவு பெற்றது. வாடகைதாரர் மேல்முறையீட்டுக்குப் போனார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடை கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பழைய வாடகையோடு கூட மாதம் 15,000 ரூபாய் டெபாசிட் செய்ய வேண்டும். தில்லி உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2004 டிசம்பரில் வந்த தீர்ப்பு, 15,000 ரூபாய் நிபந்தனையை மீண்டும் நிலைநாட்டியது.

உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் எளிமையானது. வெளியேற்றும் டிக்ரி வந்த நாளோடு பழைய வாடகை ஒப்பந்தத்தின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் உள்ளே இருப்பவர், அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டிருந்தால் உரிமையாளருக்கு என்ன கிடைத்திருக்குமோ அந்த அளவில் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். தடை என்பது கேட்டதும் கிடைக்கும் உரிமை இல்லை. நீதிமன்றம் தன் விருப்புரிமையில் தருவது. தருகிறபோது, தடையால் ஜெயித்தவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் நியாயமான நிபந்தனையை விதிக்கலாம். அந்தத் தொகையைக் கணக்கிட நீதிபதி நீண்ட விசாரணை நடத்தத் தேவையில்லை. முன்னால் இருக்கும் ஆவணங்களும் உலக அனுபவமும் போதும். 2009இல் மகாராஷ்டிர அரசு, சூப்பர் மாக்ஸ் நிறுவனம் இடையிலான வழக்கில் இதே கொள்கையை உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது.

இந்தத் தீர்ப்பிலிருந்து ஸ்டே மனு போடுபவருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. நிபந்தனை தண்டனை இல்லை. தராசைத் திருப்பும் எடைக்கல் அதுதான். கோர்ட் விதிக்கட்டும் என்று காத்திருப்பதைவிட, "நானே இவ்வளவு தருகிறேன்" என்று மனுவிலேயே சொல்பவரின் நிலை வலுவானது.

ஒரு வழக்கை எடுத்துப் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கற்பனை வழக்கு. ஒரு தாலுகாத் தலைநகரில் பழைய ஓட்டு வீடு. முன்பகுதியில் மளிகைக் கடை. வீட்டை அண்ணனிடமிருந்து கிரயம் வாங்கிய ஒருவர், அங்கே குடியிருக்கும் தம்பியை வெளியேற்றி சுவாதீனம் தரும்படி சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வீடு கூட்டுக் குடும்பச் சொத்து, அண்ணன் மட்டும் விற்க முடியாது என்பது தம்பியின் எதிர்வாதம். கோர்ட் அதை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி தீர்ப்பு; இரண்டு மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும்.

தம்பி ஆகஸ்ட் 6ஆம் தேதி சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்கிறார். 25ஆம் தேதி நகல் கிடைக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள் அவகாசம் (உயர் நீதிமன்றத்தில் போடுவதானால் 90 நாள்); நகல் எடுக்க ஆன காலம் இந்தக் கணக்கில் சேராது. செப்டம்பர் 12ஆம் தேதி அப்பீலும் ஸ்டே மனுவும் சேர்ந்தே தாக்கலாகின்றன. அக்டோபர் 6ஆம் தேதி, கெடு முடிந்த இரண்டாம் நாளே, ஜெயித்தவர் நிறைவேற்று மனு, அதாவது இ.பி. போட்டுவிடுகிறார். தீர்ப்பாகி இரண்டு ஆண்டுக்குள் போடும் இ.பி.க்குத் தோற்றவருக்கு முன்னறிவிப்பு அனுப்புவது சட்டப்படி கட்டாயம் இல்லை. அமீனா எந்த நாளும் வாசலுக்கு வரலாம் என்ற நிலை.

தம்பியின் பிரமாணப் பத்திரத்தில் முதலில் இருந்த வாசகம் இது: "தடை வழங்காவிடில் எனக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படும்." அவருடைய வக்கீல் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் விவரங்களை எழுதச் சொல்கிறார். கடைக்கு நகராட்சி உரிமம் எடுத்த ஆண்டு, உரிமத்தின் நகல். குடும்பத்தில் எத்தனை பேர், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். ஜெயித்தவர் பழைய வீட்டை இடித்து வணிக வளாகம் கட்ட நகராட்சியில் வரைபட அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்பது. அந்த விண்ணப்பத்தின் நகல். இந்தக் கடைசி ஆவணம்தான் மனுவின் முதுகெலும்பு. வீடு இடிந்தால் 144ஆம் பிரிவால் திரும்பத் தர எதுவும் இருக்காது.

அப்பீலில் பொருள் இருக்கிறது என்று காட்டவும் நாலு வரி போதும். தாத்தா பெயரிலிருந்த பழைய பட்டாவைச் சான்றாவணமாகக் குறியீடு செய்தும், தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று குறிப்பிட்டால், அப்பீல் வெறும் காலம் கடத்தும் வேலை இல்லை என்று நீதிபதிக்குத் தெரியும். முழு அப்பீலையும் ஸ்டே மனுவில் வாதாடத் தேவையில்லை.

கடைசியாக அவர் தருவதாகச் சொல்வது: மாதம் 8,000 ரூபாய் டெபாசிட், சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ மாட்டேன் என்ற உறுதி, கட்டடத்தில் மாற்றம் செய்யமாட்டேன், சொத்துவரியைத் தவறாமல் கட்டுவேன். 8,000 எப்படி வந்தது என்பதற்கு, அதே தெருவிலுள்ள இன்னொரு கட்டடத்தின் வாடகை ஒப்பந்த நகல்.

ஜெயித்தவரும் சும்மா இருக்கவில்லை. அவரது எதிருரை, தன் இழப்பை ஆவணத்தோடு காட்டுகிறது. அவர் மாதம் 9,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறார். வீடு வாங்க எடுத்த வங்கிக் கடனுக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்கு நடந்த ஆண்டுகளில் தம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. தெருவில் கடையோடு கூடிய இடங்களுக்கு 12,000 வரை வாடகை போகிறது.

இப்போது இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. தடை இல்லாவிட்டால் தம்பி இழப்பது கட்டடம், அது மீளாது. தடை கொடுத்தால் ஜெயித்தவர் இழப்பது காலமும் பணமும். பணத்தால் பெரும்பகுதியை ஈடுகட்டலாம். நீதிபதி இப்படி உத்தரவிடலாம்: சுவாதீனம் ஒப்படைப்பது அப்பீல் முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது. தீர்ப்பு நாளிலிருந்து மாதம் 10,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதை ஜெயித்தவர் எடுத்துக்கொள்ளலாம். டிக்ரியில் சொன்ன செலவுத் தொகையை நான்கு வாரத்தில் கட்ட வேண்டும். சொத்தை யாருக்கும் மாற்றக் கூடாது. நிபந்தனை தவறினால் தடை தானாக விலகும்.

நீதிபதி தடையை மறுத்திருந்தாலும் ஒரு நடுவழி உண்டு. 41ஆம் கட்டளை 6ஆம் விதிப்படி, நிறைவேற்றத்தை அனுமதிக்கும்போது, அப்பீலில் முடிவு மாறினால் திரும்பத் தருவதற்கு ஜெயித்தவரிடமே ஜாமீன் கேட்கலாம்.

பண டிக்ரி என்றால்

கடன், நஷ்ட ஈடு போன்ற பண டிக்ரிகளில் கணக்கு மாறுகிறது. கொடுத்த பணம் வட்டியோடு திரும்ப வரக்கூடியது என்பதால் மீளாத இழப்பு என்று சொல்வது கடினம். அதனால்தான் 41ஆம் கட்டளை 1ஆம் விதியின் 3ஆம் உட்பிரிவு, பண டிக்ரியை எதிர்த்து அப்பீல் போடுபவர் தகராறுத் தொகையை டெபாசிட் செய்ய வேண்டும் அல்லது ஜாமீன் தர வேண்டும் என்கிறது. அதைச் செய்யாவிட்டால் தடை இல்லை என்று 5ஆம் விதியின் 5ஆம் உட்பிரிவு சேர்த்துச் சொல்கிறது. டெபாசிட் கட்டவில்லை என்பதற்காக அப்பீலையே தள்ளுபடி செய்ய முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1998ஆம் ஆண்டு தீர்ப்பொன்றில் தெளிவாக்கியிருக்கிறது. அப்பீல் உயிரோடு இருக்கும். ஆனால் ஜப்தி நடவடிக்கையும் நிற்காது. தொகை முழுதும் கட்ட முடியாதவர், எவ்வளவு பகுதியில்தான் உண்மையான தகராறு இருக்கிறது என்று பிரித்துக் காட்டி, மறுக்காத பகுதியைக் கட்டிவிட்டு மீதிக்கு ஜாமீன் தருவது நடைமுறையில் பலன் தரும் வழி.

உத்தரவு கிடைத்த பின்

தடை உத்தரவு போட்ட நேரத்திலேயே அமீனாவின் கை தானாக நின்றுவிடாது. நிறைவேற்றும் நீதிமன்றத்துக்கு உத்தரவு தெரிந்த பிறகே அது அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று 1967இல் முல்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெரியாமல் நடந்தது செல்லும். ஆனால் நியாயம் கருதி அதை மாற்றியமைக்கும் அதிகாரம் நிறைவேற்றும் நீதிமன்றத்துக்கு உண்டு. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தது: உத்தரவு நகல் வந்து சேருவதற்குள், தடை கிடைத்திருக்கிறது என்று அப்பீல்தாரர் தன் நேரடி அறிவிலிருந்து பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், கீழ்க் கோர்ட் அதை ஏற்று நடக்க வேண்டும். ஆகவே உத்தரவு வந்த அன்றே பிரமாணப் பத்திரத்தோடு இ.பி. நடக்கும் கோர்ட்டுக்கு ஆள் போக வேண்டும். சுவாதீனம் ஒப்படைத்துக் கோர்ட்டில் பதிவாகிவிட்டால், அதற்குப் பிறகு வரும் தடைக்கு நிறுத்த எதுவும் மிஞ்சாது.

காலதாமதமும் இதே போலக் கெடுக்கும். கெடு தாண்டி அப்பீல் போட்டு, தாமதத்தை மன்னிக்க மனுச் செய்தவர்களுக்கு, அப்பீலை விசாரிப்பது என்று கோர்ட் முடிவு செய்யும்வரை தடை கொடுக்கக் கூடாது என்று 3-ஏ விதி தடுக்கிறது. அந்த நாட்களில் வீடு பாதுகாப்பின்றி நிற்கும். மாறாக, அப்பீல் கெடு முடியும் முன்பே தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிடமே போய்க் குறுகிய காலத் தடை கேட்க 5ஆம் விதியின் 2ஆம் உட்பிரிவு வழிவிடுகிறது. நகல் கிடைக்கத் தாமதமாகும் என்று தெரிந்தால் இந்த வழி பயன்படும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. வாதியாக இருந்து உறுத்துக் கட்டளை கேட்டு, வழக்கு தள்ளுபடியானவர்களும் "தீர்ப்புக்கு ஸ்டே" கேட்டு வருவார்கள். தள்ளுபடியில் செலவுத் தொகையைத் தவிர நிறைவேற்ற எதுவும் இல்லை. அதை நிறுத்தினாலும் இவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. இவர்கள் கேட்க வேண்டியது அப்பீல் நிலுவைக் காலத்துக்கான இடைக்கால உறுத்துக் கட்டளை.

ஜெயித்தவர் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. தீர்ப்பு வந்ததும் மேல் கோர்ட்டில் கேவியட் போட்டு வைத்தால், 90 நாள் வரை, தனக்குத் தெரியாமல் தடை வழங்கப்படுவதைத் தவிர்க்கலாம். தடை கிடைத்த பின், மாதா மாதம் டெபாசிட் வருகிறதா என்று கவனித்து, தவறிய மாதத்திலேயே மெமோ போட வேண்டும். தடை ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று 2018இல் வந்த தீர்ப்பை நம்பிக் காத்திருக்கவும் கூடாது. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. தடையை விலக்க வேண்டுமானால் மனுப் போட்டு, காரணம் காட்டி, உத்தரவு வாங்க வேண்டும். அல்லது அப்பீலையே சீக்கிரம் விசாரணைக்கு எடுக்கும்படி கேட்க வேண்டும். தடை கொடுத்த உத்தரவில் நீதிபதி எழுதிய எந்தக் கருத்தும் அப்பீலின் முடிவைக் கட்டுப்படுத்தாது என்பதால், தடை கிடைத்ததைப் பார்த்துத் தோற்றவர் மகிழ்வதற்கும் ஜெயித்தவர் மனம் தளர்வதற்கும் அதில் காரணம் இல்லை.